ட்யூப் லைட்டில் பெயர் எழுதியவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள்

கோவில் ட்யூப் லைட் ஜோக் உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். "உபயம்: இன்னார், இன்னார் மகன், இன்ன ஊர்" என்று லைட் முழுக்கப் பெயிண்டில் எழுதி, வெளிச்சமே வெளியில் வராது. நானும் பல வருடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை. எங்கள் தெருப் பொங்கல் விழாவுக்காக இரண்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகு, அந்த லைட்டை விற்ற ஆள் யாரோ அவருக்கு ஸ்பான்சர் பிடிக்கும் கலை எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

நாங்கள் தேனிப் பக்கம் ஒரு சின்ன டவுன். காணும் பொங்கலன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துத் திடலில் விழா. காலையில் கோலப் போட்டி, மதியம் உறியடி, பிள்ளைகளுக்கு விளையாட்டு, இருட்டினதும் மேடையில் பறை, கரகாட்டம். இதுவரை நடத்தியவர்களுக்கு வயதாகிவிட்டதால் 2024-ல் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. கல்லூரியில் கல்ச்சுரல்ஸ் நடத்திய அனுபவம் இருக்கிறதே என்று நானும் தைரியமாகத் தலையாட்டினேன். அந்த அனுபவம்தான் எங்களைக் கவிழ்த்தது.

கல்லூரியில் ஸ்பான்சர் லெட்டர் எப்படி இருக்கும்? பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்று மூன்று கட்டம். பிளாட்டினத்துக்கு 25,000, கோல்டுக்கு 15,000, சில்வருக்கு 5,000. கீழே "உங்கள் லோகோ பெரிதாக", "உங்கள் லோகோ நடுத்தரமாக", "உங்கள் லோகோ சிறிதாக". அதையே தமிழில் மாற்றி, முதல் பக்கத்தில் பொங்கலின் பெருமை, இரண்டாவது பக்கத்தில் எங்கள் குழுவின் பெருமை, மூன்றாவது பக்கத்தில் இந்தக் கட்டம் என்று போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து எடுத்துக்கொண்டு போனோம். மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

முப்பத்தி நாலு கடை ஏறினோம். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் 500, 1000 என்று கொடுத்தார்கள். ஒருவர்கூட அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தி நாலு பெயரையும் நோட்டீஸின் அடியில் இரண்டு வரிசையாகப் போட்டோம். விழா முடிந்த ராத்திரி பார்த்தால் கரகாட்டக் குழுவுக்குக் கொடுக்க 8,000 ரூபாய் குறைகிறது. வேன் ஏறி உட்கார்ந்துவிட்டவர்களிடம் போய், "அக்கா, மிச்சத்தை வர்ற வாரம் அனுப்பிடறோம்" என்று சொன்னவன் நான். அந்த அக்கா எதுவும் திட்டவில்லை. "சரி தம்பி, மறந்துறாதீங்க" என்று மட்டும் சொன்னார்கள். காலில் கட்டின சலங்கையைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. பணத்தை ஆறு வாரம் கழித்துத்தான் முழுதாகக் கொடுத்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடம், அதாவது 2025 காணும் பொங்கலுக்கு, நாங்கள் முறையை மாற்றினோம். என் கட்சி இதுதான்: உள்ளூர்க் கடைக்காரரிடம் "ரகம்" விற்காதீர்கள், "பொருள்" விற்றுவிடுங்கள். கோல்டு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், அவருடைய கோல்டு வேறு! ஆனால் "கரகாட்டம் உங்க கடை உபயம்" என்றால் ஒரு நொடியில் புரியும். ஏனென்றால் நம் ஊரில் ஆயிரம் வருடமாக அப்படித்தான் நடக்கிறது.

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்குக் கொடை கொடுத்த செய்திகள் இருக்கின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொள்பவர் ஒரு நாளைக்கு ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எவ்வளவு, யார் பொறுப்பு, பதிலுக்கு என்ன நடக்க வேண்டும், எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒரு நல்ல ஸ்பான்சர் கடிதத்துக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. எங்கள் மூன்று பக்கத்தில் இவ்வளவும் இல்லை என்பதுதான் கொடுமை.

எப்படி மாற்றினோம் என்று கணக்கோடு சொல்கிறேன். மொத்தச் செலவு 1,20,000 ரூபாய். மேடையும் பந்தலும் நாற்காலியும் 28,000. மைக் செட், லைட் 22,000. கரகாட்டக் குழு 22,000, பறைக் குழு 18,000. பரிசுகள் 12,000. கலைஞர்களுக்கும் வேலை பார்ப்பவர்களுக்கும் சாப்பாடு, தண்ணீர் 10,000. ஜெனரேட்டர் டீசல், நோட்டீஸ், அனுமதி, துப்புரவு எல்லாம் சேர்த்து 8,000.

இந்தப் பட்டியலை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் கூட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிற செலவு: மேடை, ஆட்டம், பரிசு. கூட்டினால் 80,000. இன்னொரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத செலவு: மைக் செட், சாப்பாடு, டீசல், துப்புரவு. கூட்டினால் 40,000. டீசலுக்கு உபயம் என்று பெயர் போட எந்தக் கடைக்காரரும் வரமாட்டார். அதற்கு தெருவில் வீட்டுக்கு 250 ரூபாய் வரி போட்டோம், 160 வீடு, 40,000 வந்தது. கண்ணுக்குத் தெரிகிற 80,000-ஐ மட்டும்தான் கடைகளிடம் கொண்டு போனோம். முதல் வருடம் நாங்கள் செய்த பெரிய தப்பு, எல்லாச் செலவையும் ஒரே மூட்டையாகக் கட்டி "விழாவுக்கு உதவுங்க" என்று கேட்டதுதான். மூட்டைக்கு விலை சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் எல்லோரும் 500-ஐ நீட்டினார்கள்.

அடுத்தது, எந்தப் பொருளை எந்தக் கடைக்கு என்று பொருத்துவது. இதற்குத்தான் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தோம். கடைக்காரர் கேட்காமல் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "உங்க கூட்டத்துல என் கஸ்டமர் யாரு?" இதற்குப் பதில் தெரியாமல் படி ஏறக்கூடாது.

நகைக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கடை கொஞ்சம் காற்று வாங்கும். தை பிறந்ததும் கல்யாண சீசன் ஆரம்பம். தை, மாசிக் கல்யாணத்துக்கு நகை எடுக்கப்போகிற குடும்பம் காணும் பொங்கலன்று மொத்தமாக, பாட்டி முதல் பேத்தி வரை, எங்கள் திடலில்தான் உட்கார்ந்திருக்கும். அவருக்கு எங்கள் விழா ஒரு பண்பாட்டு நிகழ்ச்சி என்பதைவிட, சீசனின் முதல் வாரத்தில் அமைந்த ஒரு சாயங்காலம். அதனால் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிற கரகாட்டம் நகைக்கடைக்கு. வாலிபப் பசங்கள் முன்னால் வந்து நிற்கிற பறையாட்டம் டூவீலர் ஷோரூமுக்கு. கோலப் போட்டிப் பரிசு பாத்திரக்கடைக்கு. பிள்ளைகள் விளையாட்டுக்குப் பரிசு பேக்கரிக்கு. மேடை ஜவுளிக்கடைக்கு.

இதில் காலமும் முக்கியம். 2024 தீபாவளி அக்டோபர் 31. அதற்கு முன்னால் ஜவுளிக்கடை முதலாளியிடம் போனால் அவர் முகத்தையே பார்க்க முடியாது. மார்கழி பாதியில் போனால் பொங்கல் விளம்பரத்துக்கு ஒதுக்கின பணத்தை ஏற்கெனவே லோக்கல் கேபிளுக்கும் பேப்பருக்குள் வைக்கிற நோட்டீஸுக்கும் கொடுத்து முடித்திருப்பார். கார்த்திகை முதல் இரண்டு வாரம்தான் சரியான நேரம். சாயங்காலம் போகக்கூடாது, அது வியாபார நேரம். காலையில் கடை திறந்து, பூஜை முடிந்து, முதல் போணி ஆன பிறகு, பதினோரு மணி வாக்கில் போனால் முதலாளியே கல்லாவில் இருப்பார். மேனேஜரிடம் லெட்டர் கொடுத்துவிட்டு வந்தால் அது மேனேஜரின் டிராயரிலேயே தூங்கும்.

இந்தத் தடவை கடிதம் ஒரே பக்கம். ஒவ்வொரு கடைக்கும் தனிக் கடிதம். ஐந்தே விஷயம், இந்த வரிசையில்தான்:

முதலில், யார் வருகிறார்கள். போன வருடம் "5,000 பேர் வருவாங்க சார்" என்று அடித்துவிட்டிருந்தோம். நகைக்கடைக்காரர் சிரித்துவிட்டு, "தம்பி, நான் படிச்ச பள்ளிக்கூடம் அது. அந்தத் திடல்ல அவ்வளவு பேரு நின்னா மதில் சுவர்தான் விழும்" என்றார். இந்த வருடம் உண்மையை எழுதினோம்: போன வருடம் வாடகைக்கு எடுத்த 400 நாற்காலியும் ஏழரை மணிக்கு நிறைந்திருந்தது, அதற்குச் சமமாக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், கோலப் போட்டிக்குப் பதிவு செய்தவர்கள் 64 பேர், அவர்கள் எந்தெந்தத் தெரு. கூடவே மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்து எடுத்த ஒரே ஒரு போட்டோ. மேடையைக் காட்டும் போட்டோ வேண்டாம், அவருக்கு வேண்டியது ஜனங்களின் முகம்.

இரண்டாவது, எந்தப் பொருள், எவ்வளவு. "கரகாட்டம், 22,000 ரூபாய், இது முழுவதும் குழுவுக்கே போகிறது." தொகையைக் கடிதத்திலேயே எழுத வேண்டும். "உங்களால் இயன்றதை" என்று எழுதினால் இயன்றது 500-ஆகத்தான் இருக்கும்.

மூன்றாவது, பதிலுக்கு என்ன. இதை எண்ணிச் சொல்ல வேண்டும். நோட்டீஸில் கரகாட்டம் என்ற வரிக்கு நேர் கீழே கடை பெயர். ஆட்டம் தொடங்கும்போது ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது ஒருமுறை மைக்கில் அறிவிப்பு. பொன்னாடையைக் கடைக்காரர் குடும்பமே மேடை ஏறிப் போர்த்தலாம். இதோடு இன்னொரு வரி: "நகைக்கடை என்ற வகையில் உங்கள் கடை மட்டும்தான்." இந்த வரியின் பலம் எனக்கு நேரில் பார்க்கும்வரை தெரியாது. எந்தக் கடையில் போய் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "எதிர்க்கடைக்காரர் எவ்வளவு கொடுத்தாரு?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு, "அவர்கிட்ட இன்னும் போகலைண்ணே, ஒரு வகைக்கு ஒரு கடைதான், உங்ககிட்ட முதல்ல வந்திருக்கோம்" என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. நேர்மையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு பேரை அனுப்பி இரண்டு நகைக்கடையிலும் ஒரே நாளில் கேட்டால், சாயங்காலத்துக்குள் இருவருக்கும் தெரிந்துவிடும். சின்ன ஊர்.

ரோட்டில் பிளக்ஸ் வைத்துத் தருகிறோம் என்று எழுதவேயில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் இறந்துபோனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அனுமதி வாங்காமல் ரோட்டில் வைத்தால் கழற்றி எறிவார்கள், வழக்கும் வரும், ஸ்பான்சர் பெயரும் அதோடு சேர்ந்து கெடும். திடலுக்குள்ளே, மேடைக்குப் பின்னால் ஒரே ஒரு பேனர், அவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

நான்காவது, பணம் எப்படி, எப்போது. நோட்டீஸ் ஜனவரி 5-ம் தேதி அச்சுக்குப் போகிறது, அன்றைக்குள் பணம் வந்த பெயர்கள் மட்டுமே அச்சாகும். பாதி முன்பணம் போதும். தெருச் சங்கத்தின் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டோம். இங்கே நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. வரிவிலக்குச் சான்று இல்லாத எங்களைப் போன்ற குழுவுக்கு "நன்கொடை" என்று ரசீது போட்டால் கடைக்காரருக்கு வருமான வரியில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதையே கடைப் பெயரை விளம்பரப்படுத்தியதற்கான தொகை என்று போட்டால், உண்மையும் அதுதானே, வியாபாரச் செலவாகக் கணக்கில் காட்டலாம். ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாகக் காட்ட முடியாது, வங்கி வழியாகத்தான் போக வேண்டும். இதை ஷோரூம் அக்கவுண்டன்ட்தான் சொல்லிக்கொடுத்தார். "ஜிஎஸ்டி பில் தருவீங்களா?" என்றும் அவரே கேட்டார். நாங்கள் 20 லட்சம் வரவு செலவு பார்க்கிற ஆட்களா என்ன! பதிவு இல்லை, அதனால் ஜிஎஸ்டி வாங்கவும் முடியாது, சாதா ரசீதுதான் என்று தெளிவாகச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

ஐந்தாவது, விழா முடிந்து ஒரு வாரத்துக்குள் போட்டோவும் வரவு செலவுக் கணக்கும் கையில் தருவோம் என்ற உறுதி. கீழே பொறுப்பாளர் ஒருவருடைய பெயர், ஒரே ஒரு போன் நம்பர். பதினைந்து பேர் பெயர் போட்டால் பொறுப்பு யாருக்கும் இல்லை என்று அர்த்தம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எல்லாம் ஜெயம் என்று கதை விடப்போவதில்லை.

நகைக்கடைக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "பொன்னாடை எங்க அம்மா போர்த்தலாமா?" என்று கேட்டார். தாராளமாக என்றோம். 22,000-ஐயும் கொடுத்தார். பேரமே இல்லை. போன வருடம் இதே மனிதர் கொடுத்தது 1,000.

ஷோரூமில் 18,000-க்கு ஒப்புக்கொண்டார்கள், ஆனால் மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்தார். டீலர்கள் உள்ளூரில் செய்கிற விளம்பரத்தில் ஒரு பங்கைக் கம்பெனி ஏற்றுக்கொள்வது உண்டாம். அதற்கு முன்னாலேயே ஒரு கொட்டேஷன், பின்னால் தேதியோடு போட்டோ வேண்டும். திடல் ஓரத்தில் இரண்டு வண்டி நிறுத்த இடமும் கேட்டார். இடத்துக்கு எங்களுக்குச் செலவில்லை, கொடுத்தோம்.

பாத்திரக்கடைக்காரர் பணமாகத் தரமாட்டேன், பாத்திரமாகத் தருகிறேன் என்றார். பொருளாக வாங்குவதற்கு எங்களுக்கு ஒரே விதி: நம் செலவுப் பட்டியலில் இருக்கிற பொருளாக இருந்தால் மட்டும் வாங்கலாம். கோலப் பரிசுக்கு 5,000 ரூபாய்க்குப் பாத்திரம் வாங்குவதாகத்தானே இருந்தோம்? அவர் தந்ததும் அதேதான். எங்களுக்கு 5,000 மிச்சம், அவருக்குக் கொள்முதல் விலைதான் செலவு. ஆனால் ஒரு கடைக்காரர் 200 டம்ளர் தருகிறேன் என்றார். பட்டியலில் டம்ளர் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தோம். பட்டியலில் இல்லாத பொருள் இலவசமாக வந்தாலும் விழாவுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. மீதிப் பரிசுச் செலவு 7,000-ஐ பேக்கரியும் ஒரு மருந்துக்கடையும் பகிர்ந்துகொண்டார்கள்.

ஜவுளிக்கடையில்தான் சிக்கல். போன வருட நோட்டீஸை டிராயரிலிருந்து எடுத்துக் காட்டினார். "இதுல என் கடை எங்க இருக்கு, கண்டுபிடி பாப்போம்" என்றார். எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு மேடைக்கு 28,000 என்றதற்கு "15 தரேன்" என்றார். இங்கே ஒரு பாடம். அதே பொருளை 28-லிருந்து 15-க்கு இறக்கினால், முழு விலை கொடுத்த நகைக்கடைக்காரர் ஏமாளி ஆகிவிடுவார், அது அவர் காதுக்கும் போகும். விலையைக் குறைக்காமல் பொருளை உடைத்தோம். "சரிண்ணே, மேடையும் பின் பேனரும் மட்டும் 15,000. பந்தல், நாற்காலியை வேற கடைக்குப் பேசிக்கறோம்" என்றோம். ஒப்புக்கொண்டார்.

மிச்சம் 13,000. உரக்கடைக்குப் போனோம். "பாக்கலாம் தம்பி, நோட்டீஸ் அடிச்சுட்டு வாங்க" என்றார். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் டீ கிடைத்தது. இந்த "பாக்கலாம்" என்பதற்கு நம் ஊரில் "இல்லை" என்றுதான் அர்த்தம், முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராததால் இப்படிச் சொல்கிறார்கள். ஆமாம் என்கிறவர் அடுத்த கேள்வி கேட்பார்: என்றைக்கு, எந்தக் கணக்கு, பெயரில் இனிஷியல் எப்படிப் போடுவீர்கள். எதுவும் கேட்காமல் டீ மட்டும் வாங்கிக் கொடுத்தால் கிளம்பிவிட வேண்டும். நாங்கள் மூன்றாவது டீக்குப் பிறகுதான் கிளம்பினோம், அதற்குள் ஜனவரி வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஊரில் பிளாட் போட்டு விற்கிற ஒருவர் ஆள் அனுப்பினார். மொத்தமாக 50,000 தருகிறேன், ஏற்கெனவே வாங்கினவர்களுக்கு வேண்டுமானால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நோட்டீஸில் அவர் படம், அவர் தலைமை, மேடையில் இருபது நிமிடம் பேச்சு. குழுவில் பாதிப் பேருக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கும் ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை, பொய் சொல்வானேன். வேண்டாம் என்று கடைசியில் முடிவு செய்ததற்கு லட்சியம் காரணமில்லை, கணக்குதான். நகைக்கடையின் 22,000 மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கம்மி. அவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினாலும் விழா நொண்டிக்கொண்டாவது நடக்கும். 50,000 கொடுத்தவர் இரண்டு நாள் முன்னால் கோபித்துக்கொண்டால் விழாவே இல்லை. அது மட்டுமா, கரகாட்டம் பார்க்க வந்த ஜனங்களை இருபது நிமிடம் பிளாட் கதை கேட்க வைத்தால் அடுத்த வருடம் 400 நாற்காலி நிறையாது. 400 நாற்காலி நிறையாவிட்டால் எதைக் காட்டி எவரிடம் கேட்பது? ட்யூப் லைட் ஜோக்கின் உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது. பெயர் எழுதுவது தப்பில்லை, வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு எழுத விடுவதுதான் தப்பு. எங்கள் விதி: மைக்கில் பெயர் உண்டு, பேச்சு யாருக்கும் கிடையாது. சிகரெட், புகையிலைக் கம்பெனி பணம் என்றால் பேச்சே இல்லை, 2003-ம் வருடச் சட்டப்படி அந்தப் பெயரில் ஸ்பான்சர் செய்வதே குற்றம்.

சரி, 13,000 ஓட்டை? பணம் குறைந்தால் எதை வெட்டுவது என்று கார்த்திகையிலேயே எழுதி வைத்திருந்தோம். முதலில் பந்தல். தை மாத ராத்திரியில் எங்கள் ஊரில் மழை அபூர்வம், வானமே பந்தல். அதில் 7,000 போயிற்று. நாற்காலிக்கான 6,000-ஐ ஒரு மொபைல் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார், நாற்காலி முதுகில் அவர் கடை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார். பட்டியலில் வெட்டவே கூடாத வரி என்று இரண்டைச் சிவப்பு மையில் எழுதியிருந்தோம்: கரகாட்டம், பறை. கடைகளிலிருந்து வந்த முதல் பணம் எதுவானாலும் அது இந்த இரண்டு குழுவின் முன்பணம்தான் என்பதும் அதிலேயே இருந்தது.

"பொங்கலைப் போய் கடைக்காரங்களுக்கு விக்கறீங்களேடா" என்று தெருப் பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருகிறார். ஒவ்வொரு மண்டகப்படியும் யாரோ ஒருவருடையது, அதைச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கமில்லை, அழகருக்கும் குறைவில்லை. இன்னதை இன்னார் தாங்குகிறார் என்று வெளிப்படையாகச் சொல்வது விற்பனை என்றால், 500 ரூபாயை யாரும் படிக்காத எழுத்தில் போட்டு மறைப்பது என்ன? அதுதான் எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிகிறது.

2025 காணும் பொங்கல் ராத்திரி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மீதிப் பணத்தைக் கவரில் போட்டு அந்த அக்கா கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இந்த வருஷம் முன்னாடியே?" என்றார்கள். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன். நகைக்கடைக்காரரின் அம்மா மேடை ஏறிப் பொன்னாடை போர்த்தியபோது முதல் வரிசையில் கைத்தட்டல் பலமாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு பக்கக் கணக்கைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஜவுளிக்கடைக்காரர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, டிராயரில் போடாமல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். உரக்கடைக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். டீ வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் ஊரில் எப்படிக் கேட்கிறீர்கள், எந்தக் கடையில் எப்படி மாட்டினீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். முக்கியமாக, ஜெனரேட்டர் டீசலுக்கு உபயதாரர் பிடித்த மகான் யாராவது இருந்தால் உடனே தொடர்பு கொள்ளவும்!